முடி வெட்டிட்டு வந்து போட்டோ எடுக்கறவங்க கவனத்துக்கு...

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுகிட்டே இருந்த புலம்பல் இது. "ஒரு ஹேர்கட்டுக்கு ஒரு பதிவா"ன்னு சலிச்சுக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். 1,800 ரூபாயும் நாலு சென்டிமீட்டர் முடியும் போனவளுக்குத்தான் அந்த வலி தெரியும் :-(

சண்டை ரெண்டு பேரோட. ஒண்ணு, வெட்டி முடிச்சதும் ஹேர்டிரையரால சுருட்டி, பளபளன்னு ஒரு போட்டோ எடுத்து "சூப்பரா வந்திருக்கு மேடம்"னு அனுப்பி வைக்கற சலூன்காரங்க. ரெண்டாவது, வீட்டுக்கு வந்து முதுகுப் பக்கம் ஒரே ஒரு போட்டோ எடுத்துப் பாத்துட்டு "அய்யய்யோ கோணல்"னு அலர்ற நாம. ஆமா, நானும்தான். முதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடறேன்.

எனக்கு நடு முதுகு வரைக்கும் முடி. லேயர் வெட்டணும், கீழ நீளம் குறையக் கூடாது, முதல் லேயர் மோவாய்க்கு ரெண்டு விரல் கீழ ஆரம்பிக்கணும்னு தெளிவா சொல்லித்தான் உக்காந்தேன். வெட்டினார். பெரிய வட்ட பிரஷ்ஷை வெச்சு நுனியெல்லாம் உள்பக்கமா சுருட்டினார். கைக்கண்ணாடியைப் பின்னால மூணே மூணு செகண்ட் காட்டினார். நாமளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து ரங்கமணியை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னா, வலப்பக்க நுனி இடப்பக்கத்தை விட ஒரு கட்டைவிரல் அகலம் கீழ தொங்குது!

மறுநாளே போய் போட்டோவைக் காட்டி சண்டை. "ரெண்டு வாஷ்ல செட்டில் ஆயிடும் மேடம்"னார். நான் விடலை. சரின்னு வலது பக்கம் வெட்டினார். அப்புறம் இடது கொஞ்சம் நீளமாத் தெரியுதுன்னு அங்க. மறுபடி வலது. குரங்கு அப்பம் பங்கு வெச்ச கதைதான். மொத்தம் நாலு சென்டிமீட்டர் காலி. முடி மாசத்துக்குச் சுமாரா ஒண்ணேகால் சென்டிமீட்டர் வளரும்னு வெச்சுகிட்டா, மூணு மாசத்துக்கு மேல வளர்த்த முடி.

வீட்டுக்கு வந்து திரும்ப ஒரு போட்டோ. வலது பக்கம் இன்னும் கீழயேதான் இருக்கு!! அப்பத்தான் போட்டோவில எனக்குப் பின்னாடி இருந்த கதவு நிலையைப் பாத்தேன். கதவே சாஞ்சு நிக்குது. எங்க வீட்டுக் கதவு நேராத்தான் இருக்கு, ரங்கமணி போனைப் பிடிச்ச கைதான் கோணல். முதல் நாள் போட்டோவைத் தேடி எடுத்து, நிலை நேரா வர்ற வரைக்கும் திருப்பினேன். மூணு டிகிரி. நுனிக்கோடு தராசு முள்ளு மாதிரி நேரா வந்து நின்னுச்சு.

மூணு டிகிரி பெரிய விஷயமான்னு கேப்பீங்க. முதுகுல விரிஞ்சு கிடக்கற முடி அகலம் சுமார் 30 சென்டிமீட்டர். அதுல மூணு டிகிரி சாய்வுன்னா ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டும். கண்ணுக்குப் போன் சாஞ்சிருக்கறதே தெரியாது, முடி மட்டும் கோணலாத் தெரியும். அதாவது, வெட்டத் தேவையே இல்லாத கீழ்க்கோட்டை நானே சண்டை போட்டு வெட்ட வெச்சுட்டு வந்திருக்கேன். இதைச் சொன்னப்ப ரங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே... அன்னிக்கு ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

அதனால, பின்பக்கப் போட்டோ எடுக்கறவங்களே, கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ நேர்க்கோடா ஏதாவது ஒண்ணு படத்துல வரணும். எடுக்கறவர் உயரமா இருந்தா குனியச் சொல்லுங்க, போன் முடியோட நுனி மட்டத்துக்கு இறங்கணும். ஒட்டி நின்னு எடுத்தா ஓரமெல்லாம் இழுத்துக் காட்டும், ஆறடி தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுக்கணும். பின்னணியை மங்கலாக்கற மோடை அணைச்சிடணும், அது முடி நுனியையும் சேர்த்து மழுப்பிடும். நம்ம கறுப்பு முடிக்கு கறுப்பு சுடிதார் போட்டுகிட்டு நின்னா நுனி எங்க முடியுதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது, வெளிர் நிறத்துல ஏதாவது போட்டுக்கணும். பிளாஷும் வேண்டாம். உச்சந்தலைக்குக் கீழ ஒரு வெள்ளைப் பட்டை விழும், அதை லேயர்னு நம்பி ஏமாந்த தோழி ஒருத்தி இருக்கா.

நிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. தலையைக் குனிஞ்சா பின்முடி மேலேறும், அண்ணாந்தா கீழ இறங்கும். ஒரு கால்ல பாரம் போட்டு நின்னா ஒரு தோள் ஏறிக்கும். நேரா எதிர்ச்சுவரைப் பாத்து நிக்கணும். காது மடலையோ பிளவுஸ் கழுத்தையோ மட்டமா வெச்சு அளக்கவே கூடாது. பாதிப் பேருக்குக் காதே ஏறக்கொறைய இருக்கும், தையல்காரர் கழுத்து வெட்டினதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

ஒரு போட்டோவை வெச்சு முடிவு கட்டாதீங்க. போட்டோ எடுத்துட்டு நாலு அடி நடந்து, முடியை உதறி சீவிட்டு, திரும்ப வந்து நின்னு இன்னொண்ணு. அப்புறம் இன்னும் ஒண்ணு. மூணையும் கதவு நிலைக்கு நேராக்கிப் பாக்கும்போது நீளமான பக்கம் மாறி மாறி வந்தா தப்பு நீங்க நின்னதுல. மூணுலயும் ஒரே பக்கம், ஒரு சென்டிமீட்டருக்கு மேலன்னா தப்பு கத்திரிக்கோல்ல. அரை சென்டிமீட்டர்னா, அதுவும் அலை அலையான முடின்னா, விட்டுத் தள்ளுங்க.

இப்ப சலூன்காரங்க கிட்ட வர்றேன். என் கீழ்க்கோடு சரியாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா உண்மையான தப்பு வேற இடத்துல இருந்துச்சு. நாங்க எல்லாரும் வாலையே பாத்துகிட்டு இருந்ததால யாருமே பக்கவாட்டுல பாக்கலை. ரெண்டு பக்கப் போட்டோவையும் எடுத்து, ஒண்ணை இடவலமாப் புரட்டி பக்கத்துல பக்கத்துல வெச்சேன். புரட்டினாத்தான் ரெண்டும் ஒரே திசையைப் பாக்கும், ஒப்பிட முடியும். இடது பக்கம் முதல் லேயர் மோவாய்க்கு ரெண்டு விரல் கீழ, நான் கேட்ட மாதிரியே. வலது பக்கம் அது காறை எலும்பையும் தாண்டி இறங்கிப் போயிருக்கு. ஒரு பக்கம் அருவி, ஒரு பக்கம் கம்பளிப் போர்வை!

எங்க தெரு பார்லர் அக்காகிட்ட ஓடினேன். இருபது வருஷமா வீட்டு முன் ரூம்ல வெட்டறவங்க. அவங்க போட்டோவை ஒரு தடவை பாத்துட்டு ஓரமா வெச்சுட்டாங்க. முடியை நனைச்சாங்க, சரியா நடு வகிடு எடுத்தாங்க. ரெண்டு காதுக்கும் முன்னால, ஒரே உயரத்துல இருந்து, விரல் பருமனுக்கு ஒவ்வொரு கத்தை எடுத்து, ரெண்டையும் மோவாய்க்குக் கீழ நடுவுல கொண்டு வந்து சேர்த்துப் பிடிச்சாங்க. வலது கத்தை நாலரை சென்டிமீட்டர் நீளம்!

"அவன் எந்தப் பக்கம் நின்னு வெட்டினான்?"னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். டிரையர் ஒயரும் தள்ளுவண்டியும் என் இடப்பக்கம்தான் இருந்துச்சு, தம்பி அங்கிருந்து நகரவே இல்லை. "அதான்"னாங்க. லேயர் வெட்டும்போது முடியைத் தலைல இருந்து நேரா வெளியே தூக்கிப் பிடிச்சு வெட்டணுமாம். அவர் இடது பக்கத்தை அப்படித்தான் வெட்டியிருக்கார். வலது பக்க முடியை மட்டும் தான் நிக்கற பக்கமா தலைக்கு மேல இழுத்து வெட்டியிருக்கார். அப்படி இழுத்து வெட்டின முடி, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பி விழும்போது நீளமாத்தான் விழும். நாற்காலியைச் சுத்தி நாலடி நடக்க சோம்பல் பட்டதுக்கு ஆயிரத்து எண்ணூறு!

வலது பக்க லேயரை மட்டும் அக்கா மேலே ஏத்தினாங்க, கீழ ஒரு மில்லிமீட்டர் தொடலை. கடைசியா, வெட்டின கத்தைகளைக் குறுக்குவாக்குல எடுத்துத் தூக்கிப் பாத்தாங்க. நேர்வாக்குல வெட்டினதைக் குறுக்குவாக்குல பாத்தாத்தான் எங்கயாவது படிக்கட்டு விழுந்திருந்தா துருத்திகிட்டு நிக்கும். வாங்கினது 350 ரூபாய்.

வெறுப்பேத்தற விஷயம் என்னன்னா, சலூன்ல எடுத்த போட்டோவில இது எதுவுமே தெரியாது. திரும்பப் போய்ப் பாத்தேன். முடியை அள்ளி வலது தோளுக்கு முன்னால போட்டு, தலையை லேசா சாய்க்கச் சொல்லி, நுனியெல்லாம் சுருட்டி எடுத்த படம். அந்தப் பக்கம் லேயரே இல்லாட்டியும் சுருள்ல தெரியாது. அழகுப் படம்தான், மறுக்கலை. ஆனா வெட்டு சரியான்னு பாக்க அது உதவவே உதவாது. கல்யாணத் தரகர் கொண்டு வர்ற போட்டோ ரகம்.

"செட்டில் ஆயிடும்"ங்கறதுல துளி உண்மை இல்லாம இல்லை. ஈரமா இருக்கும்போது முடி இழுபடும், காஞ்சா சுருங்கும். சுருட்டை முடின்னா ரொம்பவே சுருங்கும். பிடரில சுழி இருந்தா அந்த இடம் எப்படி வெட்டினாலும் ஒரு பக்கமா ஒதுங்கும். நடு வகிடுல வெட்டிட்டு நீங்க பக்க வகிடு எடுத்தாலும், வகிட்டைத் தாண்டி வர்ற முடி கூடுதல் தூரம் சுத்தி வரணும்ங்கறதால அந்தப் பக்கத்து மேல் லேயர் குட்டையாத் தெரியும், அதுக்கு சலூனைத் திட்டறது பாவம். ஆனா நாலரை சென்டிமீட்டர் எந்த வாஷ்லயும் செட்டில் ஆகாது சாமி. அலசிட்டு, சுருட்டாம காய வெச்சு, வெட்டின அதே வகிட்டை எடுத்துப் பாருங்க. அப்பவும் படிக்கட்டு தெரிஞ்சா அது படிக்கட்டுதான். நீங்களே அந்த மாதிரி ஸ்டைல் கேட்டிருந்தா ஒழிய.

அதனால இப்பல்லாம் நான் பிரஷ்ஷைத் தொட விடறதே இல்லை. நேரா காய வைங்க, நடு வகிடு எடுங்க, நான் எழுந்து நிக்கறேன், பின்னால ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அப்புறம் சுருட்டுங்க, அப்புறம் பில். போன மாசம் வேற ஒரு இடத்துல இதைக் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு ஒரு மாதிரி பாத்தா. "அடுத்த அப்பாயின்ட்மென்ட் வெயிட்டிங் மேடம்"னா. அஞ்சு நிமிஷம்தான்மான்னு கதவுப் பக்கம் போய் நின்னுட்டேன். எடுத்தா. வலது லேயர்ல ஒரு சின்ன பிசிறு அவளுக்கே தெரிஞ்சு, சொல்லாமலே சரி பண்ணினா.

இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் பாக்கி, பழைய நீளத்துக்கு.