‘அவசரம்’ என்றால் என்ன அவசரம்?

பள்ளிக்கூடத்தில் படித்த கடித முறையோடதான் புதுசா வாற பிள்ளைகள் கந்தோர் மின்னஞ்சலும் எழுதுகினம். தலைப்பு ‘அவசரம்’. உள்ளே:

“மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமென நம்புகிறேன். நேற்றுக் கதைத்த விடயம் இணைக்கப்பட்டுள்ளது. ஆவன செய்யவும்.”

எந்த விடயம்? என்ன செய்யிறது? ஐயா பிறகு பார்ப்பம் என்று விட்டிடுவார். பணிவைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கேல்லை. கேள்வியை முன்னுக்குக் கொண்டுவரப் பழக்குங்கோ என்கிறோம். தலைப்பு ‘பிரின்டர் விலைமனு: வெள்ளி 12 மணிக்குள் அனுமதி தேவை’. உள்ளே:

“வணக்கம் ஐயா, இணைத்துள்ள 3 விலைமனுக்களில் இரண்டாவதை வாங்க அனுமதி வேண்டும். விலை சற்றுக் கூட, ஆனால் 2 வருட உத்தரவாதம் உண்டு. வெள்ளிக்குப் பிறகு இந்த விலை செல்லாது.”

இதற்கு ஐயா ஃபோனிலேயே ‘ஓம், வாங்குங்கோ’ என்று பதில் போடலாம். அனுப்ப முதல் தலைப்பையும் முதல் வரியையும் மட்டும் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டச் சொல்லுங்கோ. என்ன கேட்கிறியள் என்று அவருக்கு விளங்காட்டி, திருப்பி எழுதட்டும்.