விளக்கம் படித்தால் மட்டும் போதுமா?

திருத்தப்பட்ட விடைத்தாள் மாணவர் கைக்கு வந்து சேரும் நாளில் பல வகுப்பறைகளில் ஒரே காட்சியைக் காணலாம். ஆசிரியர் கரும்பலகையில் சரியான விடையை வழிமுறையோடு எழுதுகிறார். மாணவர்கள் அதனைத் தத்தம் ஏடுகளில் படியெடுத்துக்கொள்கின்றனர். "புரிந்ததா?" என்று ஆசிரியர் வினவ, "புரிந்தது" என்று அனைவரும் விடையளிக்கின்றனர். அவ்விடை பொய்யன்று, அந்த நேரத்தில் அவர்களுக்கு அது புரிந்தே இருக்கிறது. ஆயினும் ஒரு மாதம் கழித்து அதே வகையைச் சேர்ந்த வினா மீண்டும் வரும்போது, அவர்களுள் பலர் முன்பு செய்த தவற்றையே மீண்டும் செய்கின்றனர்.

இதற்குக் கவனக்குறைவே காரணம் எனக் கூறிவிடுவது எளிது. உண்மைக் காரணம் வேறு. விளக்கத்தைப் படித்தல் என்பது தவற்றைத் திருத்தும் பணியின் முற்பாதி மட்டுமே. சில நாள்கள் சென்றபின், அதுபோன்ற வேறொரு வினாவை விளக்கத்தின் துணையின்றித் தாமே விடுவித்துப் பார்ப்பது அதன் பிற்பாதி. பிற்பாதியைச் செய்யாமல் விட்டவர் தவற்றைத் திருத்தியவர் ஆகார். சரியான விடையைப் பார்த்தவர் மட்டுமே ஆவார்.

கணக்குப் பாடத்திலிருந்து ஒரு வினாவை எடுத்துக்கொண்டு இதனை ஆராயலாம். ஒருவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். அதே வழியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? இதற்கு மாணவர் பலர் சிறிதும் தயங்காமல் 50 என எழுதுவர். இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது சராசரிக்கு அவர்கள் நெடுங்காலமாகப் பழகிய வழியாகும்.

விடை விளக்கம் இவ்வாறு அமையும்: ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு 120 கிலோமீட்டர் எனக் கொள்க. செல்வதற்கு 3 மணி நேரமும் திரும்புவதற்கு 2 மணி நேரமும் ஆகும். மொத்தத் தொலைவு 240 கிலோமீட்டர். மொத்த நேரம் 5 மணி. எனவே சராசரி வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். மெதுவாகச் சென்ற பயணம் அதிக நேரம் எடுத்துக்கொண்டதால், சராசரியும் குறைந்த வேகத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்துவிடுகிறது. இவ்விளக்கத்தில் அரிய கருத்து எதுவும் இல்லை. படிக்கும் மாணவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைக்கிறார், "இவ்வளவுதானா!" என்று எண்ணி ஏட்டை மூடிவிடுகிறார்.

ஆனால், அவர் செய்த தவறு எந்த இடத்தில் நிகழ்ந்தது? கூட்டலிலும் வகுத்தலிலும் அவர் பிழை செய்யவில்லை. வினாவைக் கண்டவுடன் எங்கிருந்து தொடங்குவது என்னும் முடிவில்தான் பிழைத்தார். மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. விளக்கத்தைப் படிக்கும்போதோ, அந்தத் தொடக்கத்தை விளக்கமே செய்து கொடுத்துவிடுகிறது. தொலைவை 120 எனக் கொள்ளலாம் என்பதையும், அடுத்து நேரத்தைக் காண வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. மாணவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு படியும் சரியா எனப் பார்ப்பது மட்டுமே. பிறர் போட்ட பாதையில் நடப்பதும், பாதை இல்லாத இடத்தில் வழி கண்டுபிடிப்பதும் வெவ்வேறு திறன்கள். தேர்வு கேட்பது இரண்டாவது திறனை. விளக்கத்தைப் படிப்பது வளர்ப்பது முதலாவதை.

மேலும், விளக்கத்தைப் படித்ததனால் பழைய பழக்கம் அழிந்துவிடுவதில்லை. கூட்டி இரண்டால் வகுக்கும் வழி பல ஆண்டுகள் பழகியது. புதிய வழியோ ஒருமுறை படித்தது. படித்த அன்று புதியது முன்னே நிற்கும். நாள்கள் செல்லச் செல்ல அது மங்க, பழையது மீண்டும் முன்னுக்கு வரும். புதிய வழியைத் தாமே நினைவிலிருந்து வெளிக்கொணர்ந்து பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அது வலுப்பெறுகிறது.

நினைவிலிருந்து வெளிக்கொணர்வதன் பயனை உளவியல் ஆய்வொன்றும் காட்டுகிறது. அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். மாணவர்கள் உரைநடைப் பகுதி ஒன்றைப் படித்தனர். பின்னர் ஒரு சாரார் அதனையே மீண்டும் படித்தனர். மறு சாரார் அதனைப் பாராமல் நினைவில் உள்ளவற்றை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்களே சற்று முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மீண்டும் படித்தோர் ஏறத்தாழ 42 விழுக்காடும், பாராமல் எழுதிப் பார்த்தோர் ஏறத்தாழ 56 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தனர். இவ்வாய்வு உரைப்பகுதியை நினைவில் கொள்வது பற்றியதே, கணக்குப் பற்றியதன்று. எனினும் ஒன்றை அது தெளிவாக உணர்த்துகிறது. படித்த உடனே தோன்றும் தெளிவைக் கொண்டு, ஒரு வாரத்திற்குப் பின் எது நிலைத்திருக்கும் என்று அளந்துவிட முடியாது.

அவ்வாறாயின், விளக்கத்தைப் படித்த உடனேயே மற்றொரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்ன? அதனால் பயன் உண்டு. ஆனால் அது போதிய சோதனை ஆகாது. அப்போது விளக்கத்தின் வரிகள் கண்முன்னே நிற்கின்றன. மாணவர் சிந்திக்காமலேயே எண்களை மாற்றி எழுதிவிடக்கூடும். ஆகவே, மூன்று நான்கு நாள்கள் இடைவெளி விடுவது நன்று. சிறிது மறக்கத் தொடங்கிய நிலையில் முயன்று நினைவுகூர்வதே உண்மை நிலையைக் காட்டும்.

எந்த வினாவை மீண்டும் முயல வேண்டும் என்பதும் முதன்மையானது. அதே வினாவைத் திரும்பப் போட்டால், 48 என்னும் எண் நினைவுக்கு வந்துவிடும். எனவே, முதலில் எண்களை மாற்றிக்கொள்ளலாம். செல்லும் வேகம் 30, திரும்பும் வேகம் 60 என்றால் சராசரி வேகம் 40. பழைய பழக்கம் மீண்டிருந்தால் 45 என்று விடை வரும். தவறு இன்னும் நீங்கவில்லை என்பது உடனே வெளிப்படும்.

அடுத்து, வினாவின் உள்ளமைப்பைச் சிறிது மாற்றலாம். ஒருவர் தம் பயண நேரத்தின் முற்பாதியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும், பிற்பாதியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கிறார் எனில், சராசரி வேகம் என்ன? விளக்கத்தை மனப்பாடம் செய்தவர் இதற்கும் 48 என்றே எழுதுவார். ஆனால், இங்கே சரியான விடை 50. இரண்டு வேகங்களும் சம நேரம் நீடித்தமையால் எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. தொலைவு சமமா, நேரம் சமமா என்று தாமே கேட்டுக்கொள்பவருக்கே இவ்வேறுபாடு புலப்படும். இந்த ஒரு வினா, விளக்கத்தைப் புரிந்துகொண்டவரையும் அதன் விடையை மட்டும் நினைவில் வைத்தவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

பின்னர், வேறு ஆடை உடுத்திய வினா ஒன்றை முயலலாம். ஒருவர் கிலோ 40 ரூபாய் விலையுள்ள அரிசியை 240 ரூபாய்க்கும், கிலோ 60 ரூபாய் விலையுள்ள அரிசியை 240 ரூபாய்க்கும் வாங்குகிறார். சராசரியாக ஒரு கிலோவின் விலை என்ன? முதலாவது 6 கிலோ, இரண்டாவது 4 கிலோ. 10 கிலோவுக்கு 480 ரூபாய் ஆகிறது. எனவே ஒரு கிலோவின் விலை 48 ரூபாய். பயணமும் அரிசியும் ஒரே கணக்கே என்று உணர்ந்த மாணவரிடம் அந்த விளக்கம் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

இதற்கு மறுப்பும் கூறப்படுவதுண்டு. பாடங்கள் பல, தேர்வுகள் அடுத்தடுத்து வருகின்றன, தவறிய வினாக்கள் அனைத்தையும் மீண்டும் முயல நேரம் ஏது என்பர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால், எல்லாத் தவறுகளும் ஒரே தன்மையன அல்ல. 7 என்பதை 1 என்று படித்ததனால் வந்த பிழைக்கு மறுமுயற்சி தேவையில்லை. வேகம் என்றால் என்ன என்பதே தெரியாதவருக்கோ மறுமுயற்சி இப்போதைக்குப் பயன்படாது. அவர் முதலில் ஆசிரியரை அணுகி அடிப்படையைக் கற்க வேண்டும். எண்ணிய முறையே தவறாக இருந்த வினாக்களுக்கு மட்டும் மறுமுயற்சி போதுமானது. ஒரு தேர்வுத்தாளில் அத்தகையவை பெரும்பாலும் சிலவே இருக்கும்.

அவற்றிற்குச் செய்ய வேண்டியதும் எளிது. நீண்ட விளக்கத்தை ஏட்டில் படியெடுப்பதற்கு மாறாக, தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளலாம். 'நேரம் சமமா எனப் பாராமல் வேகங்களைக் கூட்டிவிட்டேன்' என்பது போன்ற வரி அது. அதன் அருகில், மீண்டும் முயல வேண்டிய நாளையும் பாடநூலிலுள்ள ஒத்த வினாவின் எண்ணையும் குறிக்கலாம். அந்நாளில் விளக்கத்தை மூடிவைத்து, வெற்றுத்தாளில் விடுவிக்க வேண்டும். இடையில் தடைப்பட்டால் உடனே விளக்கத்தைத் திறவாமல் சில நிமிடம் முயல்வது நலம். அதன்பின்னும் இயலாவிடில், தடைப்பட்ட வரியை மட்டும் பார்த்துவிட்டு எஞ்சியதைத் தாமே முடித்து, இன்னொரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். மறுமுயற்சியிலும் தவறினால் அது வீண்முயற்சி ஆகாது. எஞ்சியிருந்த குறை தேர்வுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கணக்கு நூல்கள் பலவற்றின் இறுதியில் விடைகள் தரப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்துத் தெளிவது தவறன்று. அவை அதற்கெனவே அச்சிடப்பட்டவை. ஆனால், 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி இங்கே முற்றிலும் பொருந்தும். 'புரிந்ததா?' என்னும் வினாவுக்கு உரிய விடையை, விளக்கத்தைப் படித்த அன்றே எவராலும் சொல்லிவிட இயலாது. சில நாள்கள் கழித்து, வெற்றுத்தாளின் முன் அமர்ந்து பார்த்த பின்னரே அவ்விடை தெரியவரும்.

பயிற்சி

மூன்று நாள்கள் கழித்து, இக்கட்டுரையைப் பாராமல் விடையளிக்க.

1. ஒரு தொட்டியின் முற்பாதி நிமிடத்திற்கு 20 லிட்டர் வீதமும், பிற்பாதி நிமிடத்திற்கு 30 லிட்டர் வீதமும் நிரப்பப்படுகின்றன. சராசரியாக நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் நீர் நிரம்பியது?

2. மேற்கண்ட வினாவில், தொட்டியின் பாதி என்பதற்கு மாறாக, நிரப்பும் நேரத்தின் பாதி என்று கொண்டால் விடை மாறுமா? காரணம் கூறுக.