மார்ச் 31க்குள் முடிக்கவும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு எக்செல் பட்டியல் வந்தது. எங்கட டீமில் பதினொரு பேர். அதில் நாலு பெயர்கள் சிவப்பில் இருந்தன. மேலே ஒரு வரி: கட்டாயப் பயிற்சி முடிக்காதவர்கள், கடைசித் தேதி மார்ச் 31, தயவுசெய்து நினைவூட்டவும். அந்த நாலு பேரில் ஒருவர் நான்தான்.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கும் இந்த மெயில் பழக்கம் இருக்கும். வங்கியோ, என்.எச்.எஸ்ஸோ, கவுன்சிலோ, எங்களைப்போல சொஃப்ட்வெயார் கம்பனியோ, எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் வரும். ஒரு தேதி, ஒரு லிங்க், பிறகு "முடிக்காவிட்டால்" என்று தொடங்கும் ஒரு வசனம். பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு சோபாவில் இருந்துகொண்டு அடுத்தது, அடுத்தது என்று தட்டி, கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கு ஊகத்தில் பதில் போட்டு முடிப்போம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இந்த முறை மற்றவர்களைத் துரத்த வேண்டிய வேலை என் தலையில் விழுந்ததால், ஏன் துரத்துகிறோம் என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். எங்கட மனிதவளப் பிரிவில் இருக்கிற ஒருவர் "இதை வாசியும்" என்று ஒரு தீர்ப்பை அனுப்பினார்.

ஆலே (யூகே) எதிர் கெலன் என்பது வழக்கின் பெயர். வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 பெப்ரவரியில் கொடுத்த தீர்ப்பு. வழக்குப் போட்டவர் இந்திய வம்சாவளி. அந்தக் கம்பனியில் 2016 ஒக்டோபரிலிருந்து ஒரு வருடம்கூட முழுதாக இல்லாமல் வேலை செய்தவர். வேலைத்திறன் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், கூட வேலை செய்த ஒருவர் தன்னை இனத்தை வைத்துத் தொடர்ந்து சீண்டினார் என்று அவர் சொன்னார். நீ கோர்னர் கடையில் வேலை செய்யவேண்டிய ஆள், நீ ஏன் இந்த நாட்டில் இருக்கிறாய், இந்தியர்கள் எல்லாரையும்போல நீயும் மெர்சிடிஸ்தான் ஓடுகிறாய் என்ற வகைப் பேச்சுகள். பேசியவரைப் பொறுத்தவரை அது பகிடி.

கோர்னர் கடை என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அப்பா இங்கே வந்து முதல் எட்டு வருடம் நின்ற இடம் அது. உங்களில் கனபேருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்த நாட்டுச் சட்டப்படி, ஒரு ஊழியர் இன்னொருவரை வேலையிடத்தில் இப்படித் தொல்லைப்படுத்தினால் கம்பனியும் பொறுப்பு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் அதற்கு ஒரு விலக்கு உண்டு: இது நடக்காமல் தடுக்க நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று கம்பனி நிரூபித்தால் தப்பலாம். ஆலே கம்பனி அதைத்தான் சொன்னது. எங்களிடம் கொள்கை ஆவணம் இருக்கிறது, பயிற்சியும் கொடுத்திருக்கிறோம், சீண்டியவரும் அதில் இருந்தவர் என்றது. அது உண்மை. ஆனால் அந்தப் பயிற்சி நடந்தது 2015 தொடக்கத்தில். தீர்ப்பாயம் அதை 'பழசாகிப்போன' பயிற்சி என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது.

பழசாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். நாட்காட்டியை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பேச்சுகளைப் பற்றி மேலாளர்கள் இருவருக்குத் தெரிந்திருந்தது. இருவரும் மனிதவளப் பிரிவுக்குச் சொல்லவில்லை. பயிற்சி எடுத்த மேலாளர்களே கண்டும் காணாமல் இருந்தால், அந்தப் பயிற்சி மண்டையில் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம்? அப்போது அதைத் திரும்பக் கொடுப்பது கம்பனி நியாயமாகச் செய்திருக்கக்கூடிய ஒன்று. செய்யவில்லை, ஆகவே விலக்கும் இல்லை. சும்மா மேலோட்டமாக நடத்தும் பயிற்சி பெரிதாக எதையும் தடுக்கப்போவதில்லை என்றும் நீதிபதி சொல்லியிருக்கிறார். நாங்கள் சோபாவில் இருந்து தட்டுகிற பயிற்சிக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆக, வருடா வருடம் வரும் அந்தத் தேதி யாரோ அதிகாரி சும்மா போட்டது இல்லை. பச்சைப் பட்டியல் கம்பனிக்குக் கவசம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் "அவன் பகிடிக்குத்தானே சொன்னவன்" என்று ஒதுங்கிப்போன அந்த இரண்டு மேலாளர்களின் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். என்னுடைய பெயர் சிவப்பில் இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்கே இருந்து, இந்த முறை ஒழுங்காக வாசித்து முடித்தேன். ஐம்பது நிமிடம் போனது.

மிச்சம் மூன்று பேர். மனிதவளப் பிரிவு தந்த நினைவூட்டலை அப்படியே அனுப்பினேன். "அவசரம். கீழே உள்ள லிங்க்கை அழுத்தி உடனடியாக முடிக்கவும். தவறினால் உங்கள் கணக்கு நிறுத்தப்படும்." அரை மணித்தியாலத்தில் ஒரு பெடியன் அதை ஏமாற்று மெயில் என்று பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டான்.

அவனில் பிழை சொல்ல ஏலாது. அவசரம், லிங்க், மிரட்டல் மூன்றும் இருந்தால் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்ததே எங்கட பாதுகாப்புப் பயிற்சிதான். அதை முடிக்கச் சொல்லி அதே மூன்றையும் வைத்து நாங்களே மெயில் போடுகிறோம்.

லிங்க்கைப் பார்த்து உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. `https://`க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைப் பிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். அதை ஒட்டி இருப்பதுதான் உண்மையான முகவரி.

```
https://learn.ourfirm.example/course
https://learn.ourfirm.example.duesoon.example/course
```

இரண்டாவதிலும் கம்பனியின் பெயர் இருக்கிறது. ஆனால் சாய்கோட்டை ஒட்டி இருப்பது `duesoon.example`. கம்பனிப் பெயர் முன்னால் ஒட்டிய அலங்காரம் மட்டும்தான். அம்மாவுக்கு பார்சல் மெசேஜ் வரும்போதும் இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் கட்டாயப் பயிற்சி விஷயத்தில் இந்த வழி பல நேரம் உதவாது. கனக்கக் கம்பனிகள் பயிற்சியை வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்குகின்றன. உண்மையான லிங்க்கே வேறொரு பெயரில்தான் இருக்கும். எங்கட கதையும் அதுதான். அதனால் லிங்க்கை ஆராய்ந்துகொண்டு இருக்காமல், அதைத் தொடாமலே விடுங்கள். நீங்கள் வழக்கமாகத் திறக்கும் கம்பனியின் உள்பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து பயிற்சிப் பகுதிக்குப் போங்கள். மெயில் உண்மையென்றால் அந்தப் பாடம் உங்கள் பெயரில் காத்திருக்கும். இல்லையென்றால் மெயிலைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். வீட்டு மெயிலுக்கு வருவதை `report@phishing.gov.uk` என்ற அரசாங்க முகவரிக்கு அனுப்பலாம்.

மூன்றாவது பெயர்தான் என்னைச் சங்கடப்படுத்தியது. அந்தப் பிள்ளை மகப்பேற்று விடுப்பில் இருந்தா. குழந்தைக்கு நாலு மாதம். பயிற்சி மென்பொருளுக்கு அவ விடுப்பில் இருப்பது தெரியாது. அது மனிதவள மென்பொருளிலிருந்து பெயரையும் மெயில் முகவரியையும் மட்டும்தான் எடுக்கிறது. நான் பார்க்காமல் எல்லாருக்கும் போட்டதில், கணக்கு நிறுத்தப்படும் என்ற மெயில் அவவுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் அவவிடமிருந்து பதில்: "அண்ணா, பேபி நித்திரையான நேரம் பாதி செய்திட்டன், மிச்சத்தை இண்டைக்கு இரவு முடிச்சு விடுறன், சொறி."

சொறி சொல்லவேண்டியது நான். உடனே ஃபோன் எடுத்து நிறுத்தச் சொன்னேன். மகப்பேற்று விடுப்பில் இருப்பவரை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, பயிற்சியும் வேலைதான். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும், பத்து நாள் வரை வேலை செய்யலாம். இதைத்தான் கிட் டேய்ஸ் என்று சொல்வார்கள். குழந்தை பிறந்து முதல் இரண்டு வாரத்தில் அதுகூடக் கூடாது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஒரு மணித்தியாலம் செய்தாலும் ஒரு முழு நாள் கழிந்ததாகத்தான் கணக்கு. ஐம்பது நிமிடப் பயிற்சியை இரண்டு இரவாகப் பிரித்துச் செய்தால் பத்தில் இரண்டு போய்விடும். பத்தைத் தாண்டி வேலை செய்தால் அந்த வாரத்துக்கான சட்டபூர்வ மகப்பேற்றுப் பணத்தை இழக்கலாம். அவ இந்த நாட்களைத் திரும்பி வருவதற்கு முந்தைய வாரங்களுக்கு வைத்திருந்தா. மாட்டேன் என்று சொன்னதற்காக யாரும் அவவைத் தண்டிக்கவும் முடியாது.

"அப்ப கணக்கை நிப்பாட்டுவினமோ?" என்று கேட்டா. மாட்டார்கள், திரும்பி வந்த முதல் வாரத்தில் வேலை நேரத்தில் செய்யலாம் என்றேன். சொல்லிவிட்டு மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி அனுப்பினேன். அவ பாதி செய்த அந்த இரவையும் ஒரு நாளாகப் பதிந்து, சம்பளம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

விடுப்பில் இல்லாத எங்களுக்கும் ஒன்று. கம்பனி கட்டாயம் என்று சொல்லும் பயிற்சி வேலை நேரம்தான். 2020 ஏப்ரல் 6க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தரும் வேலை விவரக் கடிதத்தில், எந்தப் பயிற்சி கட்டாயம், அதற்குக் காசு யார் கட்டுவது என்பதையும் எழுதித் தரவேண்டும். உங்களுடையதை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். எனக்கு அப்படி ஒரு பந்தி இருப்பதே இப்போதுதான் தெரியும்.

அடுத்த முறைக்கு மெயிலை நானே எழுதினேன். மனிதவளப் பிரிவு ஒரு சொல்லை மட்டும் மாற்றி ஒத்துக்கொண்டது.

"தொல்லைத் தடுப்புப் பயிற்சியை மார்ச் 31 மாலை 5 மணிக்குள் முடிக்கவும். சுமார் 50 நிமிடம் எடுக்கும், வேலை நேரத்தில் செய்யவும், நாட்காட்டியில் நேரம் ஒதுக்கலாம். இந்த மெயிலில் லிங்க் இல்லை. உள்பக்கத்தில் 'என் பயிற்சிகள்' என்ற இடத்தில் இருக்கிறது. முடிக்காவிட்டால் ஏப்ரல் 1 அன்று உங்கள் மேலாளர் உங்களோடு பேசுவார். ஏப்ரல் 14க்குப் பிறகும் முடியாவிட்டால் வாடிக்கையாளர் தரவைத் திறக்கும் அனுமதி நிறுத்தப்படும், முடித்த அன்றே திரும்பக் கிடைக்கும். நீங்கள் விடுப்பில் இருந்தால் எதுவும் செய்யவேண்டாம், திரும்பி வந்த பிறகு புதுத் தேதி தருவோம்."

அவர்கள் மாற்றிய சொல், "பேசுவார்". நான் முதலில் "விசாரிப்பார்" என்று எழுதியிருந்தேன்.

ஏமாற்று மெயில் என்று அனுப்பிய பெடியன் அன்று பின்னேரமே முடித்துவிட்டான். நாலாவது ஆள் இன்னும் சிவப்பில்தான். நாளைக்கு அவரோடு பேசவேண்டும்.