வெள்ளிக்கிழமைப் பதிவு: நாப்பதுல நான் இல்லை

சூரிக் வந்த புதுசுல ரெண்டு ஜும்ஆவை விட்டேன். "நான் முஸாஃபிர்தானே வாப்பா"ன்னு போன்ல சொன்னதுக்கு, "ரெண்டு வருஷம் தங்கப் போறவன் முஸாஃபிரா?"ன்னு ஒரே கேள்வி. அதோட வாய் அடைச்சுப் போச்சு.

எங்க ஊர் காயல்பட்டினம், ஷாஃபி மத்ஹப். வந்த நாளும் கிளம்புற நாளும் போக நாலு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தாலே பயணிக்கான சலுகை போயிடும். அப்புறம் பக்கத்தில் ஜும்ஆ நடந்தால் போறது கடமை. பெண்கள், சிறுவர்கள், பயணிகள் மேல் கடமையில்லை. அவங்க வந்து தொழுதால் கூடும், லுஹர் தனியா தேவையில்லை. நோயாளிக்கும், வேற ஆள் இல்லாமல் நோயாளியைக் கவனிக்கிறவருக்கும் விலக்கு உண்டு. துணி நனையுற மழையும் காரணம்தான். 1.15 மணி லெக்சர் அந்தப் பட்டியல்ல இல்லை :-(

பாதி படிப்பு முடிச்சு ஊர் திரும்பப் போற என்னை மாதிரி ஆளுக்கு இன்னொரு கூத்து. ஜும்ஆ கூட, அந்த ஊரையே நிரந்தர வசிப்பிடமாக்கிய ஆண்கள் இமாமோட சேர்த்து 40 பேர் வேணும். நான் வெறும் 'முகீம்'. கடமை உண்டு, எண்ணிக்கையில் இடமில்லை!

போன மாசம் பல்கலைக்கழக அறை ஒன்றில் பதினாலு பேர் கூடினோம். பாகிஸ்தான் நண்பர் ஹனஃபி. அவங்களுக்கு இமாம் போக மூணு ஆண்கள் போதும், வெளியூர்க்காரரும் சேர்த்தி. ஆனா யாரும் வரலாம்ங்கற பொது அனுமதி வேணும். கார்டு தேய்ச்சாத்தான் திறக்கும் கதவு அது! நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வெச்சார். அவருக்குச் சரி. நான் டிராம் ஏறி நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

அங்கே குத்பா பாதி ஜெர்மன். கூடுமான்னு சந்தேகம் வந்து வாப்பாகிட்டயே கேட்டேன். ரெண்டு குத்பாவிலும் அல்லாஹ்வைப் புகழ்றது, ஸலவாத்து, தக்வா உபதேசம். ஏதாவது ஒன்றில் குர்ஆன் வசனம். ரெண்டாவதில் முஃமின்களுக்கு துஆ. இந்த ருக்னுகள் அரபியில் வந்துட்டா, நடுவில் வர்ற ஜெர்மன் கெடுக்காதாம். நின்னு ஓதி நடுவில் உட்காரணும். கத்தீப் அப்படித்தான் செஞ்சார்.

சிக்கல் நேரம்தான். லுஹர் நேரம் வந்தபிறகே குத்பாவையே தொடங்கலாம். நம்மூர்ல 12.15, 12.30க்குள்ள வந்துடும். சூரிக்ல குளிர்காலத்திலும் ஏறக்குறைய அப்படித்தான், மதிய இடைவேளைக்குள் முடிச்சுடலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளுறதால ஒன்றரை வாக்கில்தான் உச்சி சாயும். அந்த 1.15 லெக்சர் சரியா அதுல மோதுது. பேராசிரியர்கிட்ட ஸ்லைடு கேட்டு வாங்கிட்டேன். அடுத்த செமஸ்டர்ல வெள்ளி மதியம் எந்தப் பாடமும் எடுக்கிறதா இல்லை.