90 சதவீதத் தடுப்பூசி: அந்தக் கணக்கில் பொத்துவில் எங்கே?

2019 இல் இலங்கை சின்னமுத்து நோயை ஒழித்துவிட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. 2023 இல் அந்நோய் மீண்டும் பரவியது. நாட்டின் சராசரி உயர்வாக இருந்தாலும், தடுப்பூசி பெறாத பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் நோய்க்கு அதுவே போதும். அப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுப்பு கண்டுபிடிக்குமா?

உலக சுகாதார நிறுவனம் பல்லாண்டுகளாகப் பரப்பிய முறை '30 கொத்தணி, 7 பிள்ளைகள்' என்பது. கல்முனைப் பிராந்தியத்தில் அதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதற் கட்டத்தில் கிராம சேவகர் பிரிவுகளைச் சனத்தொகையோடு வரிசைப்படுத்தி, சம இடைவெளியில் 30 இடங்களைத் தெரிவு செய்வார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வீட்டில் தொடங்கி, அடுத்தடுத்த வீடுகளில் 12 முதல் 23 மாதம் வரையான 7 பிள்ளைகளின் அட்டைகளைப் பார்ப்பார்கள். மொத்தம் 210 பிள்ளைகள்.

தனித்தனியாகத் தெரிவு செய்தால் 96 பிள்ளைகளே போதும். விடை 10 புள்ளி கூடக் குறைய இருக்கும். ஆனால் அயல் வீட்டுப் பிள்ளைகள் ஒரே கிளினிக்குக்குப் போகிறவர்கள். ஒருவருக்குத் தவறினால் அடுத்தவருக்கும் தவறலாம். ஆகவே எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். இந்த இரட்டிப்பு ஓர் ஊகம்தான்.

அந்த ஊகம் எப்போது பிழைக்கும்? 210 பேரில் 21 பேருக்கு ஊசி இல்லை என்போம். விடை 90 சதவீதம். அந்த 21 பேரும் 21 கொத்தணிகளில் ஒவ்வொருவராக இருந்தால், பிழை எல்லை ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி மட்டுமே. மாறாக, மூன்று கொத்தணிகளில் ஏழு பேருக்குமே ஊசி இல்லாமல், மற்ற 27 இலும் எல்லோருக்கும் போடப்பட்டிருந்தால், எல்லை 11 புள்ளியாகிறது. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே 90 தான். சின்னமுத்தைத் தடுக்க 95 சதவீதம் வேண்டும் என்பதால், இரண்டாவது நிலையில் இலக்கை எட்டினோமா என்றே சொல்ல முடியாது.

பொத்துவிலுக்கு வருவோம். பிராந்தியச் சனத்தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இங்கே என்று கொண்டால், கிடைப்பது இரண்டு, மூன்று கொத்தணிகள்தான். இரண்டு கொத்தணிகளின் 14 பிள்ளைகளும் ஊசி பெற்றிருந்தால்கூட, ஊரில் ஐந்தில் ஒரு பிள்ளை தவறியிருக்கும் சாத்தியத்தை அது மறுக்காது. அந்த 14 பேரும் அயலவர்கள் என்பதால் உறுதி இன்னும் குறைவு.

பூட்டிய வீட்டைத் தாண்டிப் போய் ஏழு பேரை நிரப்புவதும் ஒரு குறை. வேலைக்காகத் தாய் வெளியே போன வீட்டுப் பிள்ளையே தவறியிருக்கக்கூடும். பின்னாளில் உலக சுகாதார நிறுவனமும் இந்த ஏழு பேர் முறையைக் கைவிட்டு, முன்கூட்டியே வீடுகளைப் பட்டியலிட்டுத் தெரிவு செய்யுமாறு வழிகாட்டியது.

பிராந்தியத்தின் பொது நிலையை அறிய இக்கணக்கெடுப்பு உதவும். பொத்துவிலில் விடுபட்ட பிள்ளையைத் தேடுவதற்குக் குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேடே பொருத்தமானது. அடுத்த முறை ஒரு சதவீதம் வெளியாகும்போது, பிழை எல்லையோடு 30 கொத்தணிகளின் தனித்தனி எண்ணிக்கைகளையும் கேட்க வேண்டும். ஏழுக்குப் பூச்சியம் என்று எங்காவது இருந்தால், முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.