ஞாயிற்றுக்கிழமை கலர் பண்ணிய படம் பரீட்சையில் கைகொடுக்காது



நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துப் பெற்றோருக்கும் சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை ஒரு தாய் மகளின் புவியியல் கொப்பியோடு வந்தார். இலங்கைப் படத்தில் ஆறுகள் நீலம், மலைகள் பழுப்பு. அச்சடித்த மாதிரி இருந்தது. "இவ்வளவு வடிவா கீறியிருக்கிறாளே டீச்சர், பிறகேன் புள்ளி குறைஞ்சது?" என்று கேட்டார். கொப்பியை மூடிவிட்டு, மகளிடம் ஒரு வெற்றுப் படத்தைக் கொடுத்துப் பத்து இடங்களைக் குறிக்கச் சொன்னேன். நான்குதான் சரி. கொத்மலை நீர்த்தேக்கத்தைக் களனி கங்கையில் வைத்திருந்தாள். நானுஓயாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை!

அவள் சோம்பேறி இல்லை. ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் தேசப்படத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறாள். ஆனால் அந்த நேரம் முழுக்கக் கண் அட்லஸில், கை கலர் பென்சிலில். ஞாபகத்துக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தை விட்டுவிட்டு, செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் இருபது இருபது நிமிடம் ஒதுக்குவது நல்லது என்பதே என் கருத்து. எப்படியென்று நம் ஊர் ஓயாவை வைத்தே சொல்கிறேன்.

செவ்வாய்: அட்லஸ் திறந்திருக்கட்டும். பென்சில் மட்டும் போதும். பழைய கலண்டர் மட்டையில் இலங்கையின் உருவத்தை ஒரு தடவை வெட்டி வைத்தால், ஒரு நிமிடத்தில் வெளிக்கோடு கீறிவிடலாம். அதில் வடக்கு 7, 8 பாகைக் கோடுகளையும் கிழக்கு 80, 81 பாகைக் கோடுகளையும் போடுங்கள். நானுஓயா 7 பாகைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, 80க்கும் 81க்கும் நடுவில் முக்கால்வாசித் தூரத்தில் வரும். கொழும்பும் ஏறக்குறைய இதே அகலாங்கில்தான் இருக்கிறது. இந்தக் கோடுகள் இருந்தால் இடங்கள் இஷ்டத்துக்கு நகராது. பிறகு மகாவலியை மட்டும் கீறுங்கள். அன்றைக்கு வேறு ஆறு வேண்டாம்.

வியாழன்: அட்லஸ் மூடியிருக்க வேண்டும். படமும் வேண்டாம், அம்புக்குறிகள் மட்டும்.

கிரகரி வாவி → நானு ஓயா → கொத்மலை ஓயா → மேல் கொத்மலை → கொத்மலை → மகாவலி கங்கை → பொல்கொல்லை → விக்டோரியா → ரந்தெனிகல → ரந்தம்பை → மினிப்பே → திருகோணமலை கொட்டியார்க் குடா.

பொல்கொல்லையில் பிள்ளை நேராகப் போகிறதா, கிளை பிரிக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு பகுதி நீர் சுரங்க வழியாக உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, சுது கங்கை, அம்பன் கங்கைப் பக்கம் போகிறது. அந்தக் கிளை இல்லாமல் ஒரே கோடாக எழுதும் பிள்ளை பெயர்களைப் பாடமாக்கியிருக்கிறது, தண்ணீர் போகும் வழியை விளங்கவில்லை.

ஞாயிறு: வெற்றுப் படத்தில் ஞாபகத்திலிருந்து குறிக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் அட்லஸைத் திறந்து, பிழைகளை மட்டும் சிவப்பில் திருத்த வேண்டும். அடுத்த செவ்வாய்க்கான பாடம் அந்தச் சிவப்புத்தான், புதிய படம் இல்லை.

அந்தப் பிள்ளையின் சிவப்பு எங்கே விழுந்தது தெரியுமா? மலைநாட்டு நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் ஒரே ஆற்றில் போட்டிருந்தாள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர் கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனியில் சேர்ந்து கொழும்புப் பக்கம் கடலுக்குப் போகிறது. நம் தலவாக்கலைத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. மகாவலிக்கு நீலம், களனிக்குப் பச்சை என்று இரண்டே நிறம் கொடுத்தோம். மூன்றாவது வாரம் அந்தப் பிழை வரவில்லை. நிறம் அழகுக்கு இல்லை, பிரித்துக் காட்டத்தான்.

விஞ்ஞானத்தில் இதயத்துக்கும் இதே மூன்று நாள்தான். செவ்வாய் வரிப்படம். வியாழன் குருதி போகும் வழி: வலச் சோணையறை, வல இதயவறை, சுவாசப்பை, இடச் சோணையறை, இட இதயவறை, தொகுதிப் பெருநாடி. ஞாயிறு பெயரில்லாத படத்தில் குறிப்பது. இங்கே வழக்கமான பிழை இடமும் வலமும் மாறுவது. படத்தில் இருப்பது நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயம், அதனால் அவருடைய வலது நமக்கு இடப்பக்கம் வரும். பிழையாகக் குறித்த பிள்ளையிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சமவுயரக் கோடு உள்ள இடவிளக்கப் படத்துக்கு இந்த முறை உதவாது. அது ஞாபக வேலை இல்லை, வாசிக்கிற வேலை. கடந்தகால வினாத்தாள் படங்களை வைத்துத் தனியாகப் பழக வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கொப்பி அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஞாயிறு இரவு அந்த வெற்றுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புவியியல் தெரிய வேண்டியதில்லை. போன வாரத்தைவிடச் சிவப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.