பதினெட்டாயிரத்துக்காக முழுக் கணக்கையும் முடக்குவதா?

கணக்கு முடக்கப்பட்ட செய்தியைப் பலருக்கு வங்கி சொல்வதில்லை. மளிகைக் கடையில் ஜிபே போகாதபோதோ, சனிக்கிழமை கூலி அனுப்பும்போது பரிவர்த்தனை தோல்வி என்று திரை காட்டும்போதோதான் விஷயம் தெரியவருகிறது. கிளைக்கு ஓடினால், "சைபர் கிரைம்ல இருந்து ஹோல்டு போட்டிருக்காங்க சார், எங்க கையில எதுவும் இல்ல" என்ற பதிலே கிடைக்கிறது. எந்த ஊர் போலீஸ், என்ன புகார், எவ்வளவு தொகை என்று கேட்டால் அதற்கும் பல கிளைகளில் பதில் இல்லை. குற்றம் எதுவும் செய்யாத சிறு வியாபாரிகளின் முழுக் கையிருப்பும் இப்படி நாள் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. சட்டம் வைத்திருக்கும் வரம்புகளை மீறி இது நடக்கிறது என்பதுதான் நம் கவலை.

இணைய மோசடியில் பணத்தை இழந்தவர் 1930 என்ற எண்ணை அழைக்கிறார். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய சைபர் குற்றப் புகார் அமைப்பில் புகார் பதிவாகிறது. பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகிறது. அதற்குள் பணம் அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்திருந்தால் அந்த வங்கிகளுக்கும், அங்கிருந்தும் நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிகளுக்கும் தகவல் தொடர்கிறது. இந்தப் படிகளைத்தான் போலீசாரும் வங்கிக்காரர்களும் லேயர் என்கிறார்கள். முதல் லேயரில் இருப்பது பெரும்பாலும் கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவன். மூன்றாவது, நான்காவது லேயருக்கு வந்தால் மருந்துக் கடைக்காரர், பெட்ரோல் பங்க், துணி வியாபாரி என்று ஊரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வேகமாகத் தடுத்தால்தான் இழந்தவருக்கு ஏதாவது மிஞ்சும் என்பதை நாம் மறுக்கவில்லை. தடுக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட விடுவிப்பதில் இல்லையே என்றுதான் கேட்கிறோம்.

சென்னிமலையில் போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வெளி மாநிலத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் கொடுக்கிறார். 18,400 ரூபாய் யூபிஐயில் வருகிறது, சரக்கு பார்சல் சர்வீஸில் போகிறது. ஆர்டர் கொடுத்தவர் பெயர் ஒன்று, பணம் அனுப்பிய கணக்கின் பெயர் வேறொன்று. பணம்தான் வந்துவிட்டதே என்று வியாபாரி அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, 3,12,000 ரூபாய் இருக்கும் அவர் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. தறிக்காரர்களுக்குக் கூலி நின்றது, வண்டிக் கடன் தவணை திரும்பியது, அதற்கு அபராதமும் ஏறியது. நடந்தது இவ்வளவுதான்: எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணத்தில் மோசடிக்காரன் சரக்கு வாங்கியிருக்கிறான். அந்தச் சரக்கைப் பாதி விலைக்கு விற்றாலும் அவன் கைக்கு வருவது அடையாளம் தெரியாத ரொக்கம்.

இந்த வியாபாரி முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது ஆதாரையும் பான் அட்டையையும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், இங்கேதான் நாட்கள் வீணாகின்றன. முடக்கத்தில் இரண்டு வகை உண்டு. வங்கியே தன் கண்காணிப்பில் சந்தேகப்பட்டு நிறுத்துவது ஒன்று. பல நாள் அசையாத கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து அன்றே வெளியேறினாலோ, சொன்ன வருமானத்துக்கும் வரவுக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலோ, கேஒய்சி காலாவதியாகியிருந்தாலோ இது நடக்கும். இதற்குக் கிளையிலேயே தீர்வு உண்டு. ஆதார், பான், நடப்பு முகவரிச் சான்று, புகைப்படம், கூடவே அந்தப் பெரிய வரவு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு ஆவணம் போதும். நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகல், வெளிநாட்டு வேலைக்கான கூலி என்றால் ஒப்பந்தமும் இன்வாய்ஸும் அயல்நாட்டு வரவுக்கு வங்கி தரும் சான்றும். இதையெல்லாம் கொடுத்தும் முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

போலீஸ் சொல்லிப் போட்ட முடக்கம் வேறு. அங்கே நீங்கள் யார் என்பது கேள்வியே இல்லை, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் குறிப்பிட்ட பணம் உங்களிடம் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. ஆகவே முதலில் வங்கியிடமிருந்து வாங்க வேண்டியது தகவல்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் அலுவலக மின்னஞ்சல், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையின் யூடிஆர் எண், தேதி, தொகை. வாய்வார்த்தையாக இல்லாமல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு வாங்க வேண்டும். இது கையில் இல்லாமல் அனுப்பும் எந்தக் காகிதமும் குறி தப்பிய கல்தான்.

சென்னிமலை வியாபாரி அனுப்ப வேண்டியது அந்த ஒரு 18,400 ரூபாயின் கதையை. அந்தத் தேதியிட்ட பில், ஆர்டர் வந்த வாட்ஸ்ஆப் உரையாடல் எண்ணோடும் நேரத்தோடும் தெரியும்படி, பார்சல் சர்வீஸ் கொடுத்த ரசீது, அந்த ஒரு வரியைக் கோடிட்டுக் காட்டிய ஆறு மாதக் கணக்கு விவரம். இவை நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பில்லில் 18,400 இருந்து, பார்சல் ரசீதில் சரக்கு மதிப்பு பத்தாயிரம் என்று எழுதியிருந்தால் அந்த ஒரு முரணே அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஜிஎஸ்டி பதிவோ உத்யம் சான்றோ இருந்தால், இது வழக்கமாக நடக்கும் வியாபாரம்தான் என்று காட்ட அவை உதவும். இல்லாதவர்களுக்குக் கடை உரிமம், பழைய கொள்முதல் பில்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பக்கக் கடிதம்: எனக்கும் புகார்தாரருக்கும் தொடர்பில்லை, இன்ன சரக்குக்கு வந்த பணம், வாங்கியவர் எண் இது, விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கவும்.

அதிகாரிக்குத் திருப்தியானால், தடையில்லை என்ற கடிதத்தைத் தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்து வங்கியின் நோடல் அதிகாரிக்கு அனுப்புவார். கிளைக்கு நீங்கள் நேரில் எடுத்துப்போகும் நகலை வைத்து வங்கி பூட்டைத் திறக்காது. இந்த இடைவெளியில்தான் இன்னொரு கூட்டம் நுழைகிறது. "அன்ஃப்ரீஸ் பண்ணித் தர்றோம்" என்று டெலிகிராமில் கடை விரித்து முன்பணம் கேட்பவர்களில் கணிசமானவர்கள் மோசடிக்காரர்கள். சந்தேகத் தொகையைப் புகார்தாரருக்குக் கட்டிவிட்டால் முடிந்தது என்று தொலைபேசியில் நெருக்குகிறவர்களும் உண்டு. எழுத்தில் எதுவும் இல்லாமல் கட்டிய பணம் ஒப்புதல் வாக்குமூலம்போல் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

எந்த ஆவணமும் காப்பாற்றாத இடங்களும் இருக்கின்றன. கடைக்கு வரும் அந்நியர், "அண்ணே, அஞ்சாயிரம் ஜிபே பண்ணச் சொல்றேன், கேஷா குடுங்க" என்கிறார். பணம் மூன்றாம் நபரின் கணக்கிலிருந்து வருகிறது, ரொக்கம் போய்விடுகிறது. பில் இல்லை, சரக்கு இல்லை, வந்தவர் யார் என்றும் தெரியாது. சிசிடிவி பதிவு மட்டுமே சாட்சி, அதுவும் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். கிரிப்டோ நாணயத்தைத் தனிநபருக்கு விற்றவர்கள் நிலையும் ஏறக்குறைய இதேதான். ஆர்டர் எண் இருந்தாலும் பணம் அனுப்பியவர் பெயர் வேறாக இருக்கும்.

இனி அரசுக்கும் காவல் துறைக்கும் வங்கிகளுக்கும் சொல்ல வேண்டியது. கணக்கை முடக்கும் அதிகாரம் போலீசுக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கும் கைப்பற்றத்தக்க சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. கைப்பற்றியதைத் தாமதமின்றி நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தெரிவித்தார்களா என்று முடக்கப்பட்டவர் எங்கே போய்க் கேட்பது? அந்த நடுவர் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். பதினெட்டாயிரத்துக்காக வக்கீலும் ரயில் டிக்கெட்டும் எடுக்க முடியாமல் பலர் கணக்கை மறந்து வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்குகிறார்கள்.

தொகைக்கும் முடக்கத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், ஒன்பதரை லட்சத்துக்கு மேல் இருந்த சென்னைவாசி ஒருவரின் கணக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாக முழுவதுமாக முடக்கப்பட்டிருந்தது. சந்தேகத் தொகை இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. தொகையும் காலமும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வணிகம் செய்யும் உரிமையையும் வாழ்வாதாரத்தையும் பறிப்பதாகும் என்று கூறிய நீதிமன்றம், இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி மீதியைப் பயன்படுத்த அனுமதித்தது. கேரள உயர் நீதிமன்றமும் 2023-இல் இதே திசையில் தீர்ப்பளித்தது. தொகையை மட்டும் பிடித்துவைக்கும் லியன் வசதி எல்லா வங்கியின் மென்பொருளிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் முழு டெபிட் ஃப்ரீஸைப் போடுவது பல வங்கிகளுக்கு வசதியாக இருக்கிறது. விடுவித்துவிட்டுப் பின்னால் போலீசிடம் பதில் சொல்வதைவிட வாடிக்கையாளரைக் காக்கவைப்பது அவர்களுக்கு எளிது.

இது மாறப் புதிய சட்டம் தேவையில்லை. முடக்கிய அன்றே புகார் எண்ணையும் தொகையையும் அதிகாரியின் முகவரியையும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்ப ரிசர்வ் வங்கி உத்தரவிடட்டும். முதல் லேயரைத் தாண்டிய கணக்குகளில் சந்தேகத் தொகைக்கு மேல் ஒரு பைசாவையும் தொடக் கூடாது என்று உள்துறை எழுதிக் கொடுக்கட்டும். நம் மாவட்டங்களில் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஈரோட்டுக்காரர் தன் பில்லையும் பார்சல் ரசீதையும் ஈரோட்டிலேயே காட்டி, அங்குள்ள அதிகாரி சரிபார்த்து வெளி மாநில நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தமிழக அரசு தன் காவல் துறைக்கு ஓர் உத்தரவு போட்டே தொடங்கலாம்.